ரீசெட் லிங்க் எப்போ வேலை செய்யக் கூடாது?

ப்ராஜெக்ட் ரிவ்யூவில் நாம எல்லாரும் ஒரே மாதிரிதான் காட்டுறோம். 'ஃபர்காட் பாஸ்வேர்ட்' அழுத்தினா மெயில் வருது, லிங்க்கைத் திறந்து புது பாஸ்வேர்ட் போடுறோம், முடிஞ்சது. என்னைக் கேட்டா அது பாதி டெஸ்ட்தான். அந்த லிங்க் எப்போ வேலை செய்யக் கூடாதுன்னு பார்க்கறதுதான் மீதிப் பாதி.

எங்க ஊர் ஏலாக்குறிச்சி. லீவுல போனப்போ, அங்க ஒரு கடையில இருக்கிற பொது கம்ப்யூட்டர்ல என் ப்ராஜெக்ட்டைத் திறந்து ரீசெட் பண்ணிப் பார்த்தேன். லாகவுட்டும் பண்ணிட்டேன். ஆனா பிரவுசர் ஹிஸ்டரியில அந்த லிங்க் அப்படியே இருந்தது. க்ளிக் பண்ணா மறுபடியும் புது பாஸ்வேர்ட் கேட்டது! எனக்கு அடுத்து உட்கார்றவர் நினைச்சா என் அக்கவுண்ட் அவர் கையில. 24 மணி நேரக் கெடு வச்ச நான், பயன்படுத்தின டோக்கனை அழிக்க மறந்திருந்தேன்.

நீங்களும் செஞ்சு பாருங்க. ரெண்டு தடவை ரீசெட் கேளுங்க, ரெண்டாவது லிங்க்ல பாஸ்வேர்டை மாத்துங்க. அப்புறம் ரெண்டு லிங்க்கையும் மறுபடி திறங்க. ரெண்டுமே செத்துப் போயிருக்கணும்.

கெடுவை டெஸ்ட் பண்ண மணிக்கணக்கா காத்திருக்க வேண்டாம். லிங்க்கைத் திறந்து ஃபார்மை அப்படியே விட்டுட்டு, டேட்டாபேஸ்ல `expires_at` நேரத்தைப் பின்னுக்குத் தள்ளுங்க. இப்போ சப்மிட் பண்ணுங்க. பாஸ்வேர்ட் மாறினா, நீங்க பக்கம் திறக்கும்போது மட்டும்தான் கெடுவைச் சரிபார்க்கிறீங்கன்னு அர்த்தம்.

கெடு மட்டும் போதும்னும் நினைக்காதீங்க. 2019-இல் சென்னையைச் சேர்ந்த லக்ஷ்மண் முத்தையா இன்ஸ்டாகிராம் ரீசெட்ல இதைத்தான் காட்டினார். அங்க 6 இலக்கக் குறியீடு, 10 நிமிஷக் கெடு. மொத்தம் 10 லட்சம் எண்கள்தான். பல ஐபி முகவரிகள்ல இருந்து ஒரே நேரத்துல ரிக்வெஸ்ட் அனுப்பி, தடுப்பைத் தாண்டி 2 லட்சம் எண்களை முயற்சி பண்ணிக் காட்டினார். ஃபேஸ்புக் அவருக்கு 30,000 டாலர் கொடுத்தது. அதனால லிங்க்ல இருக்கிற டோக்கன் யூகிக்க முடியாத நீளத்துல, ரேண்டமா இருக்கணும்.

கடைசியா, நாம அக்கறையோட எழுதுற 'இந்த மெயில் பதிவாகவில்லை'ங்கிற வரி. நம்ம ரெஜிஸ்டர் நம்பர்கள் வரிசையா வர்றவை. அதை யூசர்நேமா வச்சா, ஒண்ணொண்ணா போட்டு க்ளாஸ்ல யாருக்கு அக்கவுண்ட் இருக்குன்னு பத்து நிமிஷத்துல எடுத்துடலாம். ரெண்டு பேருக்கும் 'கணக்கு இருந்தால் மெயில் வரும்'னு ஒரே பதில் போடுங்க. பதில் வர்ற நேரத்தையும் அளந்து பாருங்க. இருக்கிற கணக்குக்கு மட்டும் ரெண்டு செகண்ட் கூட ஆனா, மெயில் போய் முடியற வரைக்கும் சர்வர் காத்திருக்குது. வாய் சொல்லாததை கடிகாரம் சொல்லிடும். மெயிலை க்யூவில போட்டுட்டு பதிலை உடனே அனுப்புங்க.

அடுத்த ரிவ்யூவில, வேலை செய்யாத லிங்க்கை முதல்ல காட்டுங்க.