எழுதப் பழகுவோம்: தெரிந்தது முன்னே, புதியது பின்னே



ஊருக்கு எழுதும் கடிதத்தில் ஒரு பத்தியின் வாக்கியங்கள் நிற்கும் வரிசையைப் பற்றி இம்மாதம் பேச விரும்புகிறேன். அண்மையில் என் அண்டை வீட்டு நண்பருக்கு நேர்ந்ததொன்றே இதற்குக் காரணம்.

நண்பரின் தாயார் அவருடன் இங்கே இருக்கிறார். கிராமத்திலிருக்கும் சித்தப்பாவுக்கு நண்பர் ஒரு கடிதம் எழுதினார். அதன் நடுப்பத்தி பின்வருமாறு:

“அறுவைக்கு வரும் மாதம் 14ஆம் தேதி நாள் குறித்துவிட்டார்கள். எனக்கு 12ஆம் தேதி முதல் ஒரு வாரம் விடுமுறை கிடையாது. தங்கள் துணை அவசியம் வேண்டும். இடது கண்ணில் புரை முற்றிவிட்டதாக மருத்துவர் சொன்னார். அம்மாவைச் சென்ற வாரம் அவரிடம் அழைத்துச் சென்றிருந்தேன்.”

இதில் பிழையான சொல் ஒன்றுமில்லை. ஆனால் சித்தி இதை உரக்க வாசிக்க, மூன்றாம் வாக்கியம் முடிவதற்குள் சித்தப்பா எழுந்துவிட்டாராம். மகனைப் போல் வளர்த்த பிள்ளைக்கே அறுவை என்று எண்ணி, நடுங்கிய குரலில் தொலைபேசியில் அழைத்தார். “உனக்கு என்னடா ஆயிற்று? ஏன் முன்பே சொல்லவில்லை?” என்பதே அவருடைய முதற்கேள்வி. அறுவை யாருக்கு என்னும் செய்தி ஐந்தாம் வாக்கியத்தில் அல்லவா இருந்தது! அதுவரையில் அவர்கள் வாசிக்கவேயில்லை.

நண்பர் செய்த தவறு யாது? தம் மனத்தில் எது மேலோங்கி நின்றதோ அதை முதலில் வைத்தார். அவருக்கு அறுவை பழைய செய்தி, நாள்தான் புதியது. சித்தப்பாவுக்கோ அறுவையே புதியது. ஒரு செய்தி பழையதா புதியதா என்பதைப் படிப்பவரை வைத்தே தீர்மானிக்க வேண்டும். எழுதுபவரை வைத்து அன்று.

அன்று மாலை நானும் நண்பரும் அந்தப் பத்தியைத் திருத்த உட்கார்ந்தோம். முதலில், சித்தப்பாவுக்குக் கடிதம் கிடைக்கும் முன்பே தெரிந்தது எது என்று கேட்டேன். அம்மாவுக்குப் பார்வை மங்கி வருவது தெரியும் என்றார். அதையே முதல் வாக்கியத்தின் தொடக்கமாக வைத்தோம். பின்னர் ஒவ்வொரு வாக்கியத்திலும், முன்பே சொல்லிவிட்ட சொல்லின் கீழ்க் கோடிட்டோம். முதன்முறையாக வரும் சொல்லைச் சுற்றி வட்டமிட்டோம். வட்டமிட்ட சொல் அடுத்த வாக்கியத்தில் கோடிட்ட சொல்லாக மாறும்படி வரிசையை மாற்றினோம். இப்படி வந்தது:

“அம்மாவுக்குச் சில மாதங்களாகப் பார்வை மங்கி வருவது தாங்கள் அறிந்ததே. அதற்காக அவர்களைச் சென்ற வாரம் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். மருத்துவர் சோதித்துப் பார்த்து, இடது கண்ணில் புரை முற்றிவிட்டதாகச் சொன்னார். அந்தப் புரையை எடுக்க வரும் மாதம் 14ஆம் தேதி நாள் குறித்திருக்கிறார். அந்த வாரத்தில், 12ஆம் தேதி முதலே, எனக்கு விடுமுறை கிடையாது. ஆகவே அம்மாவுக்குத் துணையாகத் தாங்கள் 12ஆம் தேதிக்குள் இங்கு வந்து சேர வேண்டும்.”

பார்வை, மருத்துவர், புரை, நாள், விடுமுறை, வருகை என்று ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு செல்வதைக் காண்க. ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் முதலாக வரும் அந்தாதியை நாம் அறிவோம். இதுவும் அதன் உறவே. ஆனால் அதே சொல் திரும்ப வரவேண்டுவதில்லை, பொருள் திரும்பினால் போதும். பிரெஞ்சு அறிஞர் ஆன்ரி வெயில் என்பவர் 1844ஆம் ஆண்டில் வெளியிட்ட சொல்வரிசை பற்றிய நூலில், பேசுவோனும் கேட்போனும் பொதுவாக அறிந்த இடத்திலிருந்து புறப்பட்டுப் புதிய இடத்தைச் சென்றடைவதே கருத்தின் நடை என்று விளக்கினார்.

வாக்கியங்களின் வரிசை சரியான பின், ஒவ்வொரு வாக்கியத்தின் உள்ளேயும் பார்க்க வேண்டும். தமிழில் வினை கடைசியில் நிற்பதால், அதற்குச் சற்று முன்னுள்ள இடமே புதிய செய்திக்கு உரிய ஆசனம். “சித்தப்பா நாளைக்கு வருகிறார்” என்றால் ‘எப்போது’ என்ற கேள்விக்கு விடை. “நாளைக்குச் சித்தப்பா வருகிறார்” என்றால் ‘யார்’ என்ற கேள்விக்கு விடை. சொற்கள் மூன்றும் அவையே. இடம் மாறியதும் அழுத்தம் மாறிவிட்டது.

ஆங்கிலத்தில் செயப்படுபொருளை முன்னே கொண்டுவரப் பெரும்பாலும் செயப்பாட்டு வினையை நாட வேண்டும். நமக்கு வேற்றுமை உருபு துணையிருக்கிறது. “புரையை மருத்துவர் எடுப்பார்” என்றாலே போதும். “புரை மருத்துவரால் எடுக்கப்படும்” என்று அலுவலக நடையில் இறங்க வேண்டுவதில்லை. புதிய செய்தியை வாக்கியத்தின் கடைசிக்கே கொண்டு செல்ல விரும்பினால், “அறுவை நடக்கப்போவது 14ஆம் தேதி” என்று எழுதலாம். பத்திக்கு ஒரு முறை இது அழகு. அடிக்கடி வந்தால் அறிவிப்புப் பலகை போலாகிவிடும்.

இம்முறையிலும் இரண்டு இடங்களில் வழுக்கும். முதலாவது, கைபிடித்துக்கொண்டே வேறு திசையில் சென்றுவிடுவது. அம்மாவிலிருந்து மருத்துவருக்கும், மருத்துவரிலிருந்து அவருடைய ஊருக்கும், ஊரிலிருந்து அங்குள்ள கோயிலுக்கும் சங்கிலி அறாமலே போய்விடலாம். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே காரியத்தைப் பற்றியவையாக இல்லாவிட்டால், இடையில் எங்கோ தடம் மாறிவிட்டது. அப்போது ஒரே பொருளை, அம்மாவையே, ஒவ்வொரு வாக்கியத்தின் தொடக்கத்திலும் நிறுத்தி, புதிய செய்தியை மட்டும் மாற்றிக்கொண்டு போவது நலம்.

இரண்டாவது, ‘அவர்’, ‘அது’, ‘அங்கே’ என்னும் சுட்டுச் சொற்கள். நண்பரின் முதற்பத்தியை வரிசை மாற்றியபோது, கடைசியிலிருந்த வாக்கியம் மேலே வந்தது. அதிலிருந்த ‘அவரிடம்’ என்பதற்கு முன்னால் எவருமே இல்லை! ஆதலால் அதைக் ‘கண் மருத்துவரிடம்’ என்று மாற்ற வேண்டியதாயிற்று. வாக்கியத்தை இடம் மாற்றுந்தோறும் அதிலுள்ள சுட்டை விரலால் தொட்டு, அது யாரைச் சுட்டுகிறது என்று முந்திய வாக்கியத்தில் தேடிப் பாருங்கள்.

ஒரு விலக்கும் உண்டு. படிப்பவர் மனம் பதறக்கூடிய செய்தியானால், வரிசையைக் காட்டிலும் ஆறுதல் முந்த வேண்டும். அதனால் திருத்திய பத்திக்கு மேலே நண்பர் தாமாகவே ஒரு வரி சேர்த்தார்: “நாங்கள் அனைவரும் நலம், அஞ்சத் தக்கது ஒன்றுமில்லை.” அந்த வரியை நான் தொடவில்லை.

கடிதம் சென்ற ஐந்தாம் நாள் சித்தப்பாவிடமிருந்து இரண்டே வரியில் பதில் வந்தது. “11ஆம் தேதி காலை வண்டியில் வருகிறேன். அண்ணிக்குப் பிடித்த மாவடுவைச் சித்தி கொடுத்தனுப்புகிறாள்.”