பதினெட்டு முடிந்த பிள்ளையின் பாஸ் புத்தகம்: வங்கி சொன்னது சரி, செய்தது பிழை

எமது கிளைக் காரியாலயத்துக்குக் கொழுந்தெடுக்கும் தாய் ஒருவர் பாஸ் புத்தகத்தைச் சேலைத்தலைப்பில் சுற்றிக்கொண்டு வந்தார். மகளுக்குப் பதினெட்டு முடிந்து ஐந்து வாரம். பயிற்சி நெறி ஒன்றுக்கு முதல் தவணையாக 45,000 ரூபாய் கட்ட வேண்டும். வங்கிக்குப் போய்ப் புத்தகத்தை நீட்டி, "எவ்வளவு கிடக்குதுன்னு சொல்லுங்க ஐயா" என்று கேட்டிருக்கிறார். "சொல்ல முடியாது அம்மா, மகள் வர வேண்டும்" என்று பதில் வந்திருக்கிறது.

"பதினேழு வருசமா நான் போட்ட காசு. பெத்தவளுக்கே காட்டமாட்டேன்னா அது என்ன பேங்கு?" அவருடைய கேள்வி இதுதான். கூட வந்த இரண்டு தோழர்கள் வங்கி வாசலில் மறியல் செய்ய வேண்டும் என்றார்கள். அந்தக் கோபம் எமக்கு விளங்குகிறது. ஆனாலும் அந்த மறியலுக்கு நாம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை மறைக்காமல் எழுதுவது எமது கடமை.

சிறுவர் சேமிப்புக் கணக்கில் போடும் காசு, போட்ட நிமிடத்திலிருந்து பிள்ளையின் காசு. தாயோ தகப்பனோ பாதுகாவலராகக் கையொப்பம் வைக்கிறார்களே தவிரக் கணக்குக்குச் சொந்தக்காரர் ஆவதில்லை. பிள்ளைக்கு வயது வரும் வரை அந்தப் பாதுகாவலர் வைப்புகளையும் வட்டியையும் மீதியையும் பார்க்கலாம், புத்தகத்தில் பதியச் சொல்லலாம். எடுப்பது வேறு விடயம். பொதுவாகப் பதினெட்டு வரை எடுக்க விடமாட்டார்கள். சில வங்கிகள் வருத்தத்துக்கோ படிப்புக்கோ எழுத்து மூலம் கேட்டால் ஒரு பகுதியைத் தருகின்றன. இது வங்கிக்கு வங்கி மாறும். ஆகவே கணக்குத் திறக்கும் அன்றே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். (பாஸ் புத்தகத்தைக் கடை முதலாளியிடம் அடகு வைக்கும் பழக்கம் இன்னும் சில தோட்டங்களில் உண்டு. அந்தப் புத்தகத்தைக் கொண்டு அவர் ஐந்து சதமும் எடுக்க முடியாது. உங்களைப் பயமுறுத்தத்தான் அது உதவும்.)

முன்பு இந்த நாட்டில் வயது வந்தவராவதற்கு இருபத்தொன்று ஆக வேண்டும். 1989 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அதைப் பதினெட்டாகக் குறைத்தது. பதினெட்டாவது பிறந்தநாளோடு பாதுகாவலரின் வேலை முடிகிறது. அதற்குப் பிறகு தாயும் அந்தக் கணக்குக்கு வெளியாள்தான். 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 77 ஆம் பிரிவு, வாடிக்கையாளரின் கணக்கு விவரத்தை இரகசியமாக வைத்திருக்க வங்கி ஊழியர்களைக் கட்டுப்படுத்துகிறது. கவுண்டரில் இருந்தவர் அந்தத் தாயிடம் மீதியைச் சொல்லியிருந்தால் அதுதான் பிழையாகியிருக்கும்.

இது எம் பிள்ளைகளுக்கு வேண்டிய சட்டம் என்று நாம் ஏன் சொல்கிறோம்? இதே வீட்டில் நடந்ததையே பாருங்கள்.

கணக்குத் திறந்த அன்று அந்தத் தாய் மலையில் நின்றார். வங்கிக்குப் போனது தகப்பன். பாதுகாவலர் என்று பதிவானது அவர் பெயர், கொடுத்த தொலைபேசி இலக்கமும் அவருடையது. பிள்ளைக்கு ஆறு வயதாகும்போது அவர் வீட்டை விட்டுப் போய்விட்டார். மாதம் 500 ரூபாய் போட்டது தாய். பேர் குறைந்த மாதங்களில் போடவில்லை. எப்படிப் பார்த்தாலும் 80,000 ரூபாய்க்குக் குறையாமல் போட்டிருக்கிறார், வட்டி வேறு. கணக்கிலக்கம் தெரிந்த எவரும் காசு போடலாம் என்பதால் பதினெட்டு வரை அவரை யாரும் தடுக்கவில்லை. கவுண்டரில் புத்தகத்தை வாங்கிப் பதிந்தும் கொடுத்தார்கள். ஆகவே தானே பாதுகாவலர் என்று அவர் நம்பியிருந்தார். வங்கியின் பதிவேட்டில் அவர் பெயரே கிடையாது! அவர் போட்ட ஒவ்வொரு ஐந்நூறுக்கும் குறுஞ்செய்தி போனது, எங்கேயோ இருந்த தகப்பனின் போனுக்கு.

மகள் தன் பெயரில் காசை எடுத்தால் அந்தச் செய்தியும் அதே போனுக்குத்தான் போகும். பதினெட்டு ஆனவுடன் இலக்கம் தானாக மாறுவதில்லை. மகள் போய் மாற்றச் சொன்னால்தான் மாறும். அதுவரை, சட்டப்படி பார்க்க உரிமையில்லாத தகப்பன் வீட்டிலிருந்தபடியே பார்த்துக்கொண்டிருக்கலாம். தாய் வரிசையில் நின்று கேட்டாலும் பதில் கிடையாது. தகப்பன் அந்த சிம்மைக் கைவிட்டு, அதே இலக்கம் வேறு யாருக்கோ போயிருந்தால், முன்பின் தெரியாத ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

"பெற்றோருக்குக் காட்டு" என்று நாம் கோஷம் போட்டு, வங்கியும் இணங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பதிவேட்டின்படி பெற்றோர் யார்? தகப்பன். அந்தத் தாய்க்காகப் போடும் கோஷம் அந்தத் தாயைத்தான் வெட்டும். மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்து காசு அனுப்பும் எமது பெண்களில் எத்தனை பேரின் கதை இது! காசு போடுவது ஒருவர், பார்ப்பது இன்னொருவர்.

இனி வங்கியின் பக்கம் வருவோம். சொன்னது சரி என்றோம். செய்தது அத்தனையும் பிழை.

பதினேழு வருடம் ஐந்நூறு ஐந்நூறாக வாங்கிய வங்கி, "நீங்கள் பாதுகாவலர் இல்லை" என்று ஒரு நாளாவது அந்தத் தாயிடம் சொன்னதா? திறக்கும்போது கொடுத்த படிவம் ஆங்கிலத்தில். தகப்பன் காட்டிய இடத்தில் கையொப்பம் வைத்தார், அவ்வளவுதான். மத்திய வங்கி 2023 இல் வெளியிட்ட நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின்படி, கணக்கின் நிபந்தனைகளை வாடிக்கையாளருக்கு விளங்கும் மொழியில் தெரிவிக்க வேண்டும். மலையக நகரத்தில் கிளை வைத்துக்கொண்டு தமிழில் ஒரு தாள் கொடுக்க முடியாதா? பதினெட்டு நிறைவதற்கு முன் கடிதம் அனுப்பினோம் என்கிறார்கள். லயத்துக்கு எங்கே கடிதம் வருகிறது? தோட்டக் காரியாலயத்துக்கு வரும், அங்கே கிடக்கும். தபால் எங்கே கிடக்கும் என்பது எமது ஆட்களுக்குத் தெரிந்ததுதான்.

பிறகு மகளே விடுமுறை எடுத்துக் கொழும்பிலிருந்து வந்து போனார். பாஸ் புத்தகம், பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை மூன்றும் கையில் இருந்தன. சிறுவர் கணக்கைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்ற, அவர் புதிய படிவம் நிரப்பி மாதிரிக் கையொப்பம் வைக்க வேண்டும். அங்கே இரண்டு தடை வந்தது.

முதலாவது பெயர். பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் லெட்சுமி. வங்கியில் கணக்குத் திறந்தவர் ஆங்கிலத்தில் லட்சுமி என்று எழுதிவிட்டார். தகப்பன் பெயரின் முதல் எழுத்தும் மாறியிருந்தது. எழுதியது வங்கி, அலைந்தது பிள்ளை. இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்துக் கொடுத்த பிறகுதான் ஏற்றுக்கொண்டார்கள்.

இரண்டாவது முகவரி. மின்சாரப் பட்டியல் கொண்டு வா என்றார்கள். அந்த லயத்துக் காம்பராவின் பட்டியல் இறந்துபோன தாத்தாவின் பெயரில் வருகிறது. இருநூறு வருடமாக இந்த மலையில் இருக்கிறோம், ஒரு கடிதம் வந்து சேரும் முகவரி எமக்கு இல்லை. கடைசியில் தோட்ட அதிகாரியின் கடிதமும் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தக் கடிதத்துக்கு இரண்டு நாள். ஆக மூன்று முறை வங்கிக்கு, நான்கு நாள் சம்பளம் போனது.

ஆகவே நாம் வங்கிகளிடம் கேட்பது, பதினெட்டு கடந்த பிள்ளையின் கணக்கைப் பெற்றோருக்குத் திறந்து காட்டு என்பதல்ல. பாதுகாவலர் யார், எந்தப் போனுக்குச் செய்தி போகிறது, எப்போது அது நிற்கும் என்பதைத் தமிழில் எழுதிப் பாஸ் புத்தகத்திலேயே ஒட்டு. பதினேழு வயதில் பிள்ளையைக் கூப்பிட்டுப் பெயரையும் எழுத்தையும் சரிபார். லயத்துப் பிள்ளையிடம் மின்சாரப் பட்டியல் கேட்காதே, தோட்டக் கடிதத்தை முதல் நாளே ஏற்றுக்கொள். இவற்றை எழுதி மாவட்டத்திலுள்ள கிளைகளுக்கு அனுப்புகிறோம். பதில் வராவிட்டால் முதலில் அந்தந்த வங்கியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கும், அதன் பிறகு மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கும் போவோம். அதன் இலக்கம் 1935.

எமது வீடுகளிலும் ஒரு வேலை இருக்கிறது. அடையாள அட்டைக்குப் பதினைந்து வயதிலேயே விண்ணப்பிக்கலாம். பாடசாலைப் பிள்ளைக்கு அதிபர் உறுதிப்படுத்துவார், பாடசாலையை விட்ட பிள்ளைக்குத் தோட்ட அதிகாரி உறுதிப்படுத்தலாம். பதினெட்டு வரட்டும் என்று விட்டுவிட்டால் கணக்கும் அதுவரை தூங்கும். பாதுகாவலர் தகப்பனாக இருந்து, தாய்க்குத் தான் போடும் காசைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால், அதே பிள்ளையின் பெயரில் தாயே பாதுகாவலராக இருந்து இன்னொரு கணக்குத் திறக்கலாம். தன் வயோதிப காலத்துக்கு என்று சேர்ப்பவர் பிள்ளையின் கணக்கில் போடவே வேண்டாம், தன் பெயரில் போடட்டும். பிள்ளைக்கு என்று போட்ட காசைப் பதினெட்டு வயதில் திரும்பக் கேட்கும் தாய் தகப்பனுக்காக எமது சங்கம் வங்கி வாசலில் நிற்காது.

அந்த மகள் கணக்கை மாற்றிய அன்றே தொலைபேசி இலக்கத்தையும் தன்னுடையதாக மாற்றிவிட்டார். 45,000 ரூபாயை எடுத்தார். பயிற்சி நிலையம் கொடுத்த நாள் அதற்குள் தாண்டிவிட்டது. தாமதக் கட்டணம் 2,000 ரூபாய் சேர்த்துக் கட்டினார். புதுப் புத்தகத்தைத் தாயின் கையில் கொடுத்து, "நீங்களே வச்சுப் பாருங்கம்மா, எடுக்கிறது மட்டும் நான்" என்று சொல்லிவிட்டுக் கொழும்பு பஸ் ஏறியிருக்கிறார். அந்த 2,000 ரூபாயை வங்கி திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நாம் எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை.