பொறுப்பல்ல என்று அச்சடித்துவிட்டால் பொறுப்பு போய்விடுமா?

மதிப்புக்குரிய திருகோணமலை மாவட்டச் செயலாளர் அவர்களுக்கு,

பெரும்போக அறுவடை முடிந்ததும் கந்தளாய், தம்பலகாமம், மூதூர்ப் பக்கமிருந்து நெல் மூடைகள் லொறியேறும். விலை ஏறும்வரை வைத்திருக்க வீட்டில் இடமில்லாதவர்கள் நகரத்திலும் துறைமுகத்தை அண்டியும் உள்ள தனியார் களஞ்சியங்களுக்குக் கொண்டுபோகிறார்கள். மூடைக்கு மாதம் இவ்வளவு என்று வாடகை பேசி, கையில் ஒரு துண்டு கொடுப்பார்கள். அதில் பெயர், மூடைக் கணக்கு, திகதி இருக்கும். அடியில், தீ, பூச்சி, களவு எதற்கும் நிர்வாகம் பொறுப்பல்ல என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். இந்த மடல் அந்த ஒரு வரியைப் பற்றியது.

நான் இங்கே நீதிமன்றத்தில் தொழில் செய்யும் சட்டத்தரணி. நெல்லை இழந்து வருகிறவர்கள் அந்த வரியைக் காட்டி, "இப்படி எழுதித் தந்திட்டாங்களே ஐயா, இனி என்ன கேக்கிறது?" என்கிறார்கள். களஞ்சியக்காரரும் அதை நம்பித்தான் நிம்மதியாக இருக்கிறார். இரண்டு பக்கமும் நம்புகிற அளவுக்கு அந்த வரிக்குப் பலமில்லை.

லொறிக்காரர், தீக் காப்புறுதி போன்ற விடயங்களுக்கு 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சிவில் சட்டக் கட்டளைச்சட்டம் ஆங்கிலச் சட்டத்தைக் கொண்டுவந்தது. களஞ்சியக்காரர் அந்தப் பட்டியலில் இல்லை. அவருக்கு இன்றும் ஒல்லாந்தர் விட்டுப்போன ரோமன் டச்சுச் சட்டம்தான். 1639இல் திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தவர்களின் சட்டம், அதற்கும் அடியில் ரோமாபுரியின் தானியக் களஞ்சியங்களைப் பார்த்து எழுதப்பட்ட சட்டம்.

ஆகவே இந்தத் தகராறுகள் எதுவும் புதிதல்ல. தங்கம், வெள்ளி, முத்துக்கு நான் பொறுப்பல்ல என்று அறிவித்தல் போட்டுவைத்த ஒரு களஞ்சியக்காரர், அவை உள்ளே வருவது தெரிந்தும் பேசாமல் இருந்தார். அகஸ்டஸ் காலத்துச் சட்ட அறிஞர் லபெயோ அவரைப் பொறுப்பாளி என்றார். தெரிந்தே ஏற்றுக்கொண்டதால் அறிவித்தலைக் கைவிட்டதாகத்தான் கொள்ளவேண்டும் என்பது காரணம். வெளுக்கக் கொடுத்த துணியை எலி கடித்துவிட்டால் வெளுப்பவரே பொறுப்பு, எலிக்குக் காப்பு எடுத்திருக்க வேண்டியது அவர் என்றார் பின்வந்த ரோமச் சட்ட அறிஞர் உல்பியன். 213ஆம் ஆண்டில் ரோமப் பேரரசர் அனுப்பிய பதில் ஒன்று களவைப் பற்றியது: கொள்ளையர் உடைத்துக்கொண்டு வந்தால் களஞ்சியச் சொந்தக்காரர் ஈடு செய்யத் தேவையில்லை, வெளியிலிருந்து யாரும் உடைக்காமல் பொருள் காணாமல் போனால் செய்யவேண்டும். பூட்டு உடைந்ததா என்று பொலிஸ் இன்றைக்கும் முதலில் பார்க்கிறதே, அதே கேள்விதான்.

இன்றைய நிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சும்மா, தெரிந்தவருக்காக வைத்திருப்பவர் பாரதூரமான கவலையீனத்துக்கு மட்டுமே பொறுப்பு. கூலி வாங்கி வைத்திருப்பவர் சாதாரண கவனத்தோடு காக்கவேண்டும். கொடுத்ததையும் திரும்பக் கிடைக்காததையும் விவசாயி காட்டினால் போதும்; என் கவனக்குறைவால் அழியவில்லை என்று காட்டவேண்டிய சுமை களஞ்சியக்காரருடையது. 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் வந்து சீனக்குடா எண்ணெய்த் தாங்கி எரிந்ததுபோன்ற நெருப்பென்றால் அவர் தப்புவார். பழைய வயரில் மின்ஒழுக்கு என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது. அந்த வயரைக் கடைசியாக யார், எப்போது பார்த்தார்கள் என்று நான் கேட்பேன். பொடி எழுத்து வரியைப் பொறுத்தவரை, 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் இருக்கிறது. சொந்தக் கவனக்குறைவிலிருந்து தப்ப எழுதிய நியதி நியாயமானதா என்று அதன்கீழ் வாதாடலாம்.

ஆனால் ஓர் இடத்தில் விவசாயி சறுக்குவார். இடத்தை மட்டும் வாடகைக்கு எடுத்துத் தன் பூட்டைப் போட்டு, சாவியையும் தானே வைத்திருந்தால், மற்றவர் வெறும் கட்டடச் சொந்தக்காரர். காவல் அவர் தலையில் விழாது. சாவி யாரிடம் என்பதைத் துண்டில் எழுதாததால் கெட்ட வழக்குகள் உண்டு.

சட்டம் இவ்வளவு சாதகமாக இருந்தும் ஏன் தோற்கிறோம்? ஒரு கணக்குப் பாருங்கள். பங்குனியில் ஒருவர் 100 மூடை வைக்கிறார், மூடைக்கு 66 கிலோ, மொத்தம் 6,600 கிலோ. ஈரப்பதன் 16 சதவீதம். ஆவணியில் எடுக்கும்போது 13 சதவீதம், நிறை 6,050 கிலோ. 550 கிலோ குறைவு. விவசாயி களவென்பார், மற்றவர் காய்ச்சல் என்பார். 6,600 கிலோவில் ஈரம் போக 5,544 கிலோ. அது 13 சதவீத ஈரத்தோடு நிற்கும்போது ஏறக்குறைய 6,372 கிலோ. ஆக 228 கிலோ காய்ந்தே போனது, அதற்கு யாரும் பொறுப்பில்லை. மிச்சம் 322 கிலோவுக்குத்தான் களஞ்சியக்காரர் பதில் சொல்லவேண்டும். வைத்த நாளின் ஈரப்பதன் துண்டில் இல்லையென்றால் இந்தக் கணக்கைப் போடவே முடியாது.

பூச்சியும் அப்படித்தான். நெல்லைச் சேமிக்க 14 சதவீதத்துக்கு மேல் ஈரம் ஆகாது. ஈரநெல்லை வாங்கி அடுக்கினவருக்கு அது வண்டு பிடிக்கும் என்று தெரிந்திருக்கவேண்டும். எதிர்ப்பும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது லபெயோ சொன்ன முத்துக் கதைதான். மூடைக்குள் கையை விட்டால் சூடு தெரியும், கையில் மா ஒட்டும், மணியில் வட்டமாக ஓட்டை இருக்கும். புகையூட்டினோம் என்பார்கள். பொஸ்பீன் குளிசை வைத்து, தாளைப் போர்த்தி, விளிம்பில் மணற்பை வைத்து அடைத்து, நாட்கணக்கில் காற்றுப் புகாமல் விட்டார்களா? தாளில் கிழிசல் இருந்தால் வளர்ந்த வண்டு செத்துவிடும், மணிக்குள் இருக்கும் முட்டை தப்பிவிடும், சில கிழமையில் திரும்ப வரும். திகதி எழுதிய பதிவேடு இருந்தால் களஞ்சியக்காரர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளலாம். நல்ல களஞ்சியக்காரருக்கும் இது நன்மை.

காப்புறுதி பற்றியும் கேட்கவேண்டும். "இருக்கு" என்ற பதிலோடு ஆட்கள் திரும்பிவிடுகிறார்கள். அது கட்டடத்துக்கும் அவருடைய சொந்தச் சரக்குக்கும் மட்டும் எடுத்ததாக இருக்கலாம். பிறர் நம்பி ஒப்படைத்த சரக்கு என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறதா என்றுதான் கேட்கவேண்டும். தீக் காப்புறுதியில் எலி, வண்டு சேராது என்பதையும் சொல்லி வைக்கவேண்டும்.

உங்களால் சட்டம் இயற்ற முடியாது, தெரியும். ஆனால் மாவட்ட விவசாயக் குழுவைக் கூட்டுகிறவர் நீங்கள். அடுத்த பெரும்போக அறுவடைக்கு முன் நடக்கும் கூட்டத்தில் ஒரு மாதிரிப் பற்றுச்சீட்டை வைக்கும்படி கேட்கிறேன். தமிழிலும் சிங்களத்திலும் ஒரே பக்கம் போதும். மூடை, நிறை, ஈரப்பதன், சாவி யாரிடம், கடைசியாகப் புகையூட்டிய திகதி, காப்புறுதி எந்தச் சரக்குக்கு, இருவர் கையொப்பம். கமநல சேவை நிலையங்களில் கட்டுக் கட்டாகக் கிடைக்கட்டும். ஈரப்பதன் பார்க்கும் கருவி எல்லாக் களஞ்சியங்களிலும் இல்லை. கமநல நிலையத்திலேயே அளந்து எழுதிக் கொடுக்க முடியுமா என்பதையும் பார்க்கவேண்டும். வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு வழக்குப்போட 3 வருடம், எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருடம் என்பது 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச்சட்டம். கையொப்பமிட்ட ஒரு தாள் இருந்தால் அந்த அவகாசமும் கூடும்.

வரைவு ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். நேரம் தந்தால் கச்சேரிக்குக் கொண்டுவருகிறேன்.

இங்ஙனம்,
திருகோணமலை நீதிமன்றத்தில் தொழில் செய்யும் ஒரு சட்டத்தரணி