விடை மட்டும் போதாது

ஞாயிறு இணைப்புகளில் எழுத்துக் கணக்கு என்று ஒன்று வருவதை வாசகர்கள் பார்த்திருக்கலாம். கூட்டல் கணக்குதான், இலக்கங்களுக்குப் பதில் எழுத்துகள் இருக்கும். ஓர் எழுத்துக்கு ஓர் இலக்கம். இரண்டு எழுத்துகளுக்கு ஒரே இலக்கம் கூடாது. மறுவாரம் விடையை மட்டும் ஒரு மூலையில் தலைகீழாகப் போட்டுவிடுகிறார்கள். இது வாசகருக்குச் செய்யும் அநியாயம் என்பது என் அபிப்பிராயம். இந்தக் கணக்கின் ருசியே அதன் வழியில்தான் இருக்கிறது.

பெயர்பெற்ற கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஹென்றி டியூடனி என்ற ஆங்கிலேயர் 1924 ஜூலையில் ‘ஸ்ட்ராண்ட்’ பத்திரிகையில் வெளியிட்டது:

SEND + MORE = MONEY

‘இன்னும் பணம் அனுப்பு’ என்று பொருள். நமக்கு ஊரிலிருந்து வரும் கடிதம் மாதிரிதான்! பலர் இலக்கங்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்துவிடுகிறார்கள். அந்தச் சிரமம் தேவையே இல்லை.

நான்கு இலக்க எண்கள் இரண்டைக் கூட்டினால் இருபதாயிரத்தை எட்டாது. எண்ணின் முதல் இலக்கம் 0 ஆகாது. ஆகவே ‘எம்’ 1. ஆயிரம் ஸ்தானத்தில் ‘எஸ்’ஸுடன் 1 சேர்ந்து, கீழிருந்து இன்னொன்று ஏறினாலும், 11க்கு மேல் போகாது. எனவே ‘ஓ’ 0 அல்லது 1. 1 போய்விட்டதால் 0.

நூறு ஸ்தானத்தில் ‘இ’யுடன் 0 சேர்ந்து ‘என்’ வருகிறது. இரண்டும் வேறு எழுத்துகள். ஆகவே கீழிருந்து ஒன்று ஏறியிருக்க வேண்டும். ‘என்’, ‘இ’யைவிட ஒன்று அதிகம். இங்கிருந்து ஆயிரத்துக்கு ஒன்று ஏறுமா? ஏறினால் ‘என்’ 0 ஆகிவிடும். அதுதான் ‘ஓ’வுக்குப் போய்விட்டதே. ஆக, ஏறவில்லை, ‘எஸ்’ 9.

பத்து ஸ்தானத்தில் ‘என்’னும் ‘ஆர்’ரும் சேர்ந்து பத்தைக் கடந்து ‘இ’ ஆகிறது. அதற்கு ‘ஆர்’ 9 ஆக வேண்டும். அல்லது கீழிருந்து ஒன்று ஏறி, அது 8 ஆக வேண்டும். 9 ‘எஸ்’ஸுடையது. ஆகவே 8.

மீதியுள்ளவை 2 முதல் 7 வரை. ஒன்று ஸ்தானத்தில் ‘டி’யும் ‘இ’யும் சேர்ந்து பத்தைத் தாண்ட வேண்டும். ‘வை’ குறைந்தது 2. எனவே கூட்டுத்தொகை 12க்குக் குறையாது. 7உம் 5உம், அல்லது 7உம் 6உம்தான் பொருந்தும். ‘இ’ 7 என்றால் ‘என்’ 8 ஆகும், ஆகாது. எனவே ‘டி’ 7. ‘இ’ 6 என்றால் ‘என்’னும் 7 ஆகிவிடும். ஆகவே ‘இ’ 5, ‘என்’ 6, ‘வை’ 2.

9567 + 1085 = 10652. எங்கேயும் ஊகிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு குறையும் உண்டு. முதல் எழுத்து 0 ஆகக் கூடாது என்ற விதியைச் சிலர் அச்சிடுவதே இல்லை. அதை விட்டுவிட்டால் இதே கணக்கில் 2817 + 0368 = 03185 என்றும் சரியாக வருகிறது. அப்படி எழுதி அனுப்பிய வாசகருக்குப் பரிசை மறுக்க ஆசிரியருக்கு என்ன நியாயம் இருக்கிறது? விதிக்கு ஒரு வரி, வழிக்குப் பத்து வரி. விளம்பரத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்குகிறவர்களுக்கு இந்த இடமா கிடைக்காமல் போகும்?