சுங்குடி, காட்டன், அரக்கு... ஆன்லைனில் சேலை விற்பவர்கள் எழுதாமல் விடும் விஷயங்கள்!

“அக்கா, பிளவுஸ் பிட் எங்க? கவர்ல தேடிப் பார்த்துட்டேன். அப்புறம் இது கைமுடிச்சு இல்லையேக்கா, பிரிண்ட் மாதிரில்ல இருக்கு? கலரும் போட்டோல சிவப்பா இருந்துச்சு...”

வீட்டிலிருந்தே சேலை விற்கும் பெண்களின் வாட்ஸ்அப்பைத் திறந்தால் இந்த மாதிரி மெசேஜ் ஒன்றாவது இருக்கும். உதாரணத்துக்கு மதுரையில் இருக்கும் ஒரு விற்பனையாளருக்கு இது வந்ததாக வைத்துக்கொள்வோம். “நான் ஒரு பொய்யும் சொல்லலையே!” என்பதுதான் அவர் முதலில் சொல்வார். அது உண்மையும்கூட. அவர் போட்டிருந்த தலைப்பு இது:

*“லேட்டஸ்ட் ட்ரெண்டிங் பியூட்டிஃபுல் சுங்குடி சாஃப்ட் காட்டன் சாரி, ஆபீஸ் வேர், பார்ட்டி வேர், பெஸ்ட் கிஃப்ட்.”*

அதன் கீழே விவரம்: *“நல்ல தரமான சேலை. கட்ட இலகுவாக இருக்கும். படத்தில் உள்ளபடியே வரும்.”*

இதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் தகவலும் இல்லை. பிளவுஸ் பிட் உண்டா, புள்ளிகள் எப்படி வந்தன, சிவப்பு எந்தச் சிவப்பு என்று எங்கேயும் எழுதப்படவில்லை. எழுதாமல் விட்ட இடத்தை வாங்குபவர் தன் ஆசைப்படி நிரப்பிக்கொள்கிறார். சேலை அந்த ஆசைப்படி இல்லாவிட்டால் திரும்பி வருகிறது.

ஒரு ரிட்டர்ன், ஒரு லாபம்

அந்தச் சேலையின் கணக்கைப் பார்ப்போம். கொள்முதல் 620 ரூபாய். பேக்கிங் 20, கூரியர் 80. விற்ற விலை 899. கையில் நிற்பது 179 ரூபாய். சேலை திரும்பி வந்தால் வாடிக்கையாளருக்கு 899-ஐ அப்படியே திருப்பித் தர வேண்டும். போன கூரியர் 80, வரும் கூரியர் 80, பேக்கிங் 20 என 180 ரூபாய் கைவிட்டுப் போகிறது. அதாவது, ஒரு சேலை திரும்பி வந்தால் இன்னொரு சேலையில் கிடைத்த லாபம் முழுவதும் காலி. பிரித்த சேலையில் பழைய மடிப்பும் இருக்காது.

‘நோ ரிட்டர்ன்’ என்று போட்டுவிட்டால் தப்பிக்கலாமா? ஆன்லைன் வர்த்தகத்துக்கென 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பவர் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்கின்றன. எனவே, சேலையில் இருப்பதை முன்கூட்டியே சரியாக எழுதிவிடுவதுதான் விற்பவருக்கும் பாதுகாப்பு.

எழுதும் முன் ஒரு டேப், ஒரு தீக்குச்சி

நல்ல விவரக் குறிப்பு போனில் தொடங்குவதில்லை, சேலையைத் தரையில் விரிப்பதில் தொடங்குகிறது.

முதலில் நீளம். மொத்த வியாபாரி “ஆறு கெஜம்” என்பார். அது ஏறக்குறைய 5.5 மீட்டர். சேலையை இழுக்காமல் விரித்து டேப்பால் அளந்தால் 5.4 மீட்டர்தான் வரலாம். அப்படியென்றால் 5.4 என்றே எழுத வேண்டும். பிளவுஸ் பிட் இருந்தால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ‘மொத்தம் 6.3 மீட்டர்’ என்றால் பலருக்குப் புரியாது. ‘சேலை 5.5 மீட்டர், அதோடு சேர்ந்த பிளவுஸ் 80 செ.மீ.’ என்றால் யாருக்கும் புரியும். அகலத்தையும் அளந்து போடுங்கள். உயரமானவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

அடுத்து துணி. ‘காட்டன்’ என்று வியாபாரி சொன்னதை அப்படியே எழுதாமல் சோதித்துப் பார்க்கலாம். முந்தி ஓரத்தில் தொங்கும் நூலில் இரண்டு அங்குலம் எடுத்து, இடுக்கியில் பிடித்து, ஒரு பீங்கான் தட்டுக்கு மேலே தீக்குச்சியைக் காட்டுங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து, விரலில் தேய்த்தால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி உருகி, ஆறியதும் கெட்டியான மணி போல நிற்கும். பட்டு, முடி கருகும் வாசனை தரும். நீளவாக்கில் ஓடும் பாவு நூல், குறுக்கே ஓடும் ஊடை நூல் இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். ஒன்று பருத்தியாகவும் மற்றொன்று பாலியஸ்டராகவும் இருப்பது உண்டு.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. கலப்பு நூலில் சாம்பலும் மணியும் சேர்ந்தே வரும். எத்தனை சதவிகிதம் என்று அதிலிருந்து தெரியாது. அப்போது ‘காட்டன் கலந்த துணி’ என்று எழுதுவதே நேர்மை. ‘காட்டன் ஃபீல்’, ‘சில்க் லுக்’ போன்ற வார்த்தைகளைத் தவிர்த்துவிடுங்கள். பலரும் ‘காட்டன்’, ‘சில்க்’ என்பதை மட்டும்தான் படிப்பார்கள்.

முடிச்சா, அச்சா?

சுங்குடியில் பெரிய ஏமாற்றம் வருவது இங்கேதான். துணியைக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் தோய்ப்பதுதான் மரபான சுங்குடி. முடிச்சு இருந்த இடத்தில் சாயம் ஏறாமல் புள்ளி கிடைக்கும். ‘மதுரை சுங்குடி’க்கு 2005-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் இன்று சுங்குடி என்ற பெயரில் மெழுகு அச்சு, ஸ்கிரீன் பிரிண்ட் சேலைகளும் ஏராளமாக விற்கின்றன. விலை குறைவு என்பதால் அவற்றுக்கென்று வாங்குபவர்களும் இருக்கிறார்கள். எது என்று சொல்லாமல் விற்பதுதான் சிக்கல்.

கண்டுபிடிப்பது கடினமில்லை. கைமுடிச்சில் எந்த இரண்டு புள்ளியும் ஒன்றுபோல இருக்காது. ஓரம் லேசாகக் கசிந்திருக்கும். புதுச் சேலையில் அந்த இடத்தைத் தடவினால் சின்னச் சுருக்கம் தட்டுப்படும். மெழுகு அச்சில் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும். மெழுகு விரிந்த இடத்தில் மெல்லிய கோடுகள் தெரியலாம். ஸ்கிரீன் பிரிண்டில் புள்ளிகள் அச்சுப் பிசகாமல் இருக்கும், சேலையின் பின்பக்கம் வெளிறித் தெரியும்.

தலைப்பில் எது முதலில்?

போன் திரையில் தலைப்பின் முதல் ஒன்றிரண்டு வரிகள்தான் தெரியும். மிச்சம் மூன்று புள்ளிகளாகிவிடும். பழைய தலைப்பில் அந்த இடத்தை ‘லேட்டஸ்ட் ட்ரெண்டிங் பியூட்டிஃபுல்’ பிடித்துக்கொண்டது. அதைக் கொண்டு எந்தச் சேலையையும் விற்கலாம் என்பதால், இந்தச் சேலையைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

வரிசை இப்படி இருக்கட்டும்: என்ன பொருள், என்ன துணி, எப்படிச் செய்தது, என்ன நிறம், கூட என்ன வரும் அல்லது வராது.

*“சுங்குடி காட்டன் சேலை, மெழுகு அச்சு, அரக்கு நிறம், பிளவுஸ் பிட் இல்லை.”*

‘இல்லை’ என்று தலைப்பிலேயே போட்டால் விற்பனை குறையாதா? பிளவுஸ் பிட் வேண்டும் என்பவர்கள் சிலர் வாங்காமல் போவார்கள்தான். ஆனால் வாங்கியிருந்தாலும் திருப்பி அனுப்பியிருக்கக்கூடியவர்கள் அவர்கள்.

தேடலுக்காக இன்னொரு விஷயம். இந்தச் சேலையை ஆங்கிலத்தில் sungudi, chungudi, chungidi என்று பல விதமாக டைப் செய்து தேடுகிறார்கள். எல்லாவற்றையும் தலைப்பில் திணிக்க வேண்டாம். ஒன்றைத் தலைப்பில் வைத்துவிட்டு, மற்றவற்றைத் தேடல் சொற்களுக்கென்று தளத்தில் இருக்கும் தனிக் கட்டத்தில் போடலாம். அந்தக் கட்டம் இல்லாவிட்டால் விவரத்தின் கடைசி வரியில் சேர்க்கலாம்.

படம் சொல்லாததை விவரம் சொல்லட்டும்

பார்டர், புள்ளி, முந்தி எல்லாம் படத்திலேயே தெரியும். அதை மறுபடி வர்ணிக்கத் தேவையில்லை. தொட்டால் எப்படி இருக்கும், துவைத்தால் என்ன ஆகும், கவரில் என்னென்ன இருக்கும் என்பதைப் படம் சொல்லாது. அந்த மதுரைச் சேலைக்கு விவரத்தை இப்படி மாற்றி எழுதலாம்:

*“முழுப் பருத்தி. புள்ளிகள் மெழுகு அச்சில் வந்தவை, கைமுடிச்சு அல்ல. நீளம் 5.4 மீட்டர், அகலம் 1.15 மீட்டர். பிளவுஸ் பிட் வராது. நிறம் அரக்கு. குங்குமச் சிவப்பைவிடக் கருத்தது. கஞ்சி போட்டிருப்பதால் புதிதில் விறைப்பாக இருக்கும், இரண்டு மூன்று தடவை துவைத்த பின் மென்மையாகும். முதல் சில துவைப்பில் சாயம் போகும், தனியாகத் துவைக்கவும்.”*

நிறத்துக்கு எழுதியிருப்பதைக் கவனியுங்கள். ‘ரெட்’ என்றால் பத்துப் பேருக்குப் பத்துச் சிவப்பு. அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, கத்தரிப்பூ என்று நம் வீடுகளில் புழங்கும் பெயர்கள் நிறத்தை இன்னும் சரியாகச் சுட்டும். மயில்கழுத்து போல இரண்டு நிற நூலில் நெய்த சேலையாக இருந்தால், ‘பாவு நீலம், ஊடை பச்சை. வெளிச்சத்துக்கு ஏற்ப மாறித் தெரியும்’ என்று எழுதிவிடுங்கள். எவ்வளவு எழுதினாலும் ஒவ்வொரு போன் திரையும் நிறத்தைக் கொஞ்சம் மாற்றித்தான் காட்டும். ஜன்னலோர வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்றைச் சேர்ப்பது அந்த வித்தியாசத்தைக் குறைக்கும்.

சாயம் போகும், விறைப்பாக இருக்கும் என்பதைச் சொல்லத் தயங்க வேண்டாம். முன்பே தெரிந்தவருக்கு அது சேலையின் குணம், தெரியாதவருக்கு அதுவே குறை.

சரியாக எழுதியிருக்கிறோமா?

விவரத்தைப் படிக்காமலே வாங்குபவர்கள் எப்போதும் இருப்பார்கள். அவர்களுக்காக நீளம், துணி, பிளவுஸ் உண்டா இல்லையா ஆகிய மூன்றையும் இரண்டாவது படத்தின் மேலேயே எழுதிவிடலாம். ஒரே கேள்வியை இரண்டு பேர் கேட்டுவிட்டால், பதில் விவரத்தில் இல்லை என்று அர்த்தம். அன்றே சேர்த்துவிடுங்கள்.

வெளியிடுவதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். படத்தைக் காட்டாமல், தலைப்பையும் விவரத்தையும் மட்டும் அம்மாவிடமோ மாமியாரிடமோ படித்துக் காட்டி, கவரைப் பிரித்தால் என்ன இருக்கும் என்று கேளுங்கள். அவர் சொல்வதும் நீங்கள் மடித்து வைத்திருக்கும் சேலையும் எங்கே வேறுபடுகிறதோ, அந்த இடத்தில் இன்னும் ஒரு வரி எழுத வேண்டியிருக்கிறது.