ஒரு நிமிடப் படமும் ஒரு குடம் தண்ணீரும்

மாலை வகுப்பு முடிந்ததும் நம்மில் பலருடைய கால்கள் விடுதியை நோக்கி நடப்பதில்லை. பானிப்பூரி வண்டியை நோக்கியே நடக்கின்றன. புனே நகருக்கு வந்த முதல் மாதம் இட்டிலிக்கு ஏங்கியவர்கள்கூட, இரண்டாம் மாதத்தில் "பையா, காரம் கொஞ்சம் தூக்கலாக!" என்று கேட்கப் பழகிவிடுகிறார்கள். ஆறு பூரியைத் தின்று முடித்த பின்னும், காசில்லாமல் கிடைக்கும் அந்த ஒரு சூக்காப் பூரிக்காகத் தட்டை நீட்டாத மாணவர் நம் சங்கத்தில் உண்டோ?

அப்படி நாங்கள் வழக்கமாக உண்ணும் வண்டிக்காரர், சென்ற மாதம் தம் கைப்பேசியை எங்களிடம் நீட்டினார். அவருடைய மருமகன் எடுத்துத் தந்த ஒரு நிமிடக் குறும்படம் அதில் இருந்தது. "நாளை இதைப் போடப்போகிறேன். படித்த பிள்ளைகள் நீங்கள், பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

"மற்ற வண்டிகளில் என்ன தண்ணீர் ஊற்றுகிறார்கள், தெரியுமா?" என்ற கேள்வியோடு படம் தொடங்கியது. அடுத்து, கையுறை மாட்டிய ஒரு கை. பிறகு பளபளக்கும் எவர்சில்வர்ப் பானை. முடிவில், "நூற்றுக்கு நூறு சுத்தம், எங்களிடம் மட்டும்" என்ற பெரிய எழுத்துக்கள். என் அறைத்தோழர் கைதட்டினார். எனக்கோ, நல்ல மனிதர் ஒருவர் தம்மையறியாமல் தமக்கே தீங்கு தேடிக்கொள்கிறாரே என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்குக் காரணம் உண்டு.

2025 ஜனவரியை இங்கிருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சிங்ககட் சாலைப் பக்கத்து நாந்தேட், கிர்கட்வாடி, தாயரி முதலிய பகுதிகளில் கில்லன்-பாரே என்னும் நரம்பு நோய் திடீரெனப் பெருகிற்று. காலில் தொடங்கும் தளர்ச்சி மேலே ஏறி, சிலருக்கு மூச்சுவிடவே கருவியின் துணை வேண்டியதாயிற்று. 200க்கும் மேற்பட்டோர் அந்நோய்க் கணக்கில் வந்தனர், சிலர் உயிரிழந்தனர். இங்குள்ள தேசிய நச்சுயிரியல் நிலையம் நடத்திய சோதனைகளில், நோயாளிகள் சிலருடைய மலத்தில் காம்பிலோபாக்டர் என்னும் குடல் கிருமி காணப்பட்டது. ஐயம் தண்ணீர்மேல் விழுந்தது. வெளியே உண்பதைத் தவிர்க்கும்படி மருத்துவர்கள் அறிவுறுத்தினர்.

அந்நாட்களில் நம் வாயிலருகே நின்ற வண்டிகளின் நிலை என்ன? நல்ல தண்ணீர் ஊற்றியவர் வண்டியும் வெறிச்சென்று கிடந்தது. அதைப்பற்றிக் கவலைப்படாதவர் வண்டியும் வெறிச்சென்று கிடந்தது. அஞ்சிய மனிதன் வண்டி வண்டியாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. "பானிப்பூரியே வேண்டாம்" என்றுதான் போகிறான். ஆகவே "மற்றவர்கள் தண்ணீரைப் பாருங்கள்" என்று ஒருவர் சொல்லும்போது, கேட்பவன் மனத்தில் முதலில் எழுவது சொன்னவரைப்பற்றிய நம்பிக்கை அன்று, பானிப்பூரியைப்பற்றிய அருவருப்பு. சொன்னவர் விற்பதும் பானிப்பூரிதானே?

அதுமட்டுமன்று. மற்றவர் தண்ணீர் கெட்டது என்பதை இவர் எவ்வாறு அறிந்தார்? அக்கிருமி கலந்த தண்ணீர் தெளிவாகவே இருக்கலாம். நாற்றமோ தனிச் சுவையோ காட்டுவதில்லை. வயிற்றுப்போக்கு பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து நாட்களுக்குப் பின்னரே வருகிறது. நரம்புத் தளர்ச்சி மிகச் சிலருக்கே வரும். அதுவும் ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்து. அதற்குள் அந்த மனிதர் பத்து இடங்களில் உண்டிருப்பார். எந்த வண்டி காரணம் என்று உண்டவருக்கே தெரியாதபோது, பக்கத்து வண்டிக்காரர் எப்படிச் சான்று காட்டுவார்? சான்றில்லாத "நூற்றுக்கு நூறு"க்கும் இதே கதிதான். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவு, உணவைப்பற்றித் தவறாக நம்பவைக்கும் விளம்பரத்துக்கு 10 இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடம் தருகிறது.

சரி, பிறரைக் குறைகூறும் பத்து விநாடியை எடுத்துவிட்டால் அங்கே எதை வைப்பது? இதுதான் எங்களுக்குள் நடந்த பேச்சின் கரு.

ஒரு பானிப்பூரியைப் பிரித்துப் பாருங்கள். பூரி கொதிக்கும் எண்ணெயில் பொரிந்தது. உருளைக்கிழங்கு வெந்தது. வெள்ளைப் பட்டாணி ரகடா, அடுப்பின்மேல் ஆவி பறக்க நிற்பது. நெருப்பையே காணாமல் நம் வாய்க்கு வருவது எது? அந்தப் பானி! அதாவது தண்ணீரும், அதில் அரைத்துக் கலந்த புதினாவும் கொத்துமல்லியும். புளியும் எலுமிச்சையும் புளிப்பாக இருப்பதால் கிருமியைக் கொன்றுவிடும் என்று நம்புவோர் உண்டு. அந்தப் புளிப்பை நம்பிக் கெட்ட தண்ணீரை ஊற்ற முடியாது. ஆகவே, சுத்தத்தைக் காட்டும் படம் அடுப்பையும் பளபளப்பையும் விட்டுத் தண்ணீரைத்தான் தொடரவேண்டும்.

"பையா, பானிக்குத் தண்ணீரைக் கொதிக்கவைக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

அவர் உடனே விடை சொல்லவில்லை. நகராட்சிக் குழாய்த் தண்ணீரைக் கேனில் பிடித்து வருவதாகவும், அதை அப்படியே ஊற்றுவதாகவும் பிறகு சொன்னார். "கொதிக்கவைத்தால் வாயுச் செலவு கட்டுமா, தம்பி?"

கணக்குப் போட்டோம். 20 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர, அடுப்பில் வீணாகும் சூட்டையும் சேர்த்து, கால் கிலோவுக்குச் சற்று மேல் எரிவாயு போதும். ஒரு தட்டுக்கு 150 மில்லி லிட்டர் பானி என்று வைத்தால் அது 130 தட்டுக்கு வரும். தட்டொன்றுக்கு இரண்டு கிராம் வாயு! தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். உண்மையான தொல்லை செலவன்று, ஆறுவதற்காகும் நேரம். அவ்வளவு தண்ணீர் ஆறப் பல மணி நேரம் ஆகும். எனவே முந்திய இரவே காய்ச்சி, மூடி வைத்துவிட வேண்டும். ஆறிய பிறகு பனிக்கட்டியை உள்ளே போட்டால் பட்டபாடு வீண். அது எந்தத் தண்ணீரில் உறைந்ததென்று யார் கண்டார்? பானையை வெளியிலிருந்து பனிக்கட்டியால் சூழ்ந்து குளிர்விப்பதே நல்லது.

காய்ச்ச முடியாதவர் குளோரின் கலக்கலாம். ஆனால் வரிசை முக்கியம். புதினாவை அரைத்துவிட்ட பானியில் குளோரினைப் போட்டால், இலைச்சாறே குளோரினை விழுங்கிவிடும், கிருமிக்கு மிஞ்சாது. வெறுந்தண்ணீரில் முதலில் குளோரின். உரிய நேரம் விட்ட பின்னரே இலை. அந்த இலையையும் மண் போக, நல்ல தண்ணீரில் பலமுறை அலசவேண்டும்.

அடுத்தது கை. பூரியைப் பெருவிரலால் உடைத்து, அதே கையோடு பானையில் முக்கி எடுப்பது நம் வண்டிகளின் பழக்கம். காய்ச்சிய தண்ணீராயினும், நூறு முறை கை முழுகினால் அது கை கழுவிய தண்ணீரே அன்றோ? இதற்குக் கையுறை மருந்தன்று. நோட்டை வாங்கிய கையுறையும், கழுவாத கையும் ஒன்றே. கையுறைக்குப் பிசுபிசுப்பு உறைக்காததால் அதைக் கழுவவேண்டும் என்ற எண்ணமும் வருவதில்லை. குழாய் பொருத்திய எவர்சில்வர்ப் பாத்திரம் ஒன்றிருந்தால் கை பானியைத் தொடவே வேண்டாம். பூரியைக் குழாயின் கீழ் பிடித்தால் போதும்.

இவ்வளவும் பேசிய பின் படத்தைப் புதிதாக வகுத்தோம். முதல் 10 விநாடி: தண்ணீர் பிடிப்பதும் கொதிப்பதும். அதனோடு அவர் குரல்: "நாளை நீங்கள் குடிக்கப்போகும் தண்ணீர் இது." அடுத்த 8 விநாடி: மூடி ஆறவைத்த பானை. அடுத்த 10: புதினா அலசுவது. அடுத்த 20 விநாடி: சோப்புப் போட்டுக் கை கழுவுவது, வெட்டாமல், விரைவுபடுத்தாமல். சலிப்பாக இருக்காதா என்று மருமகன் கேட்டார். கை கழுவ 20 விநாடி ஆகும் என்பதை வேறு எப்படிக் காட்டுவது? நடுவே வெட்டிய படத்தில், வெட்டிய இடத்தில்தான் பார்ப்பவனுடைய ஐயம் குடியிருக்கும். கடைசி 12 விநாடி: குழாயின் கீழ் பூரி நிரம்புவது, காசுக்காக ஒட்டிய குறியீட்டுச் சீட்டு, வண்டியில் தொங்கும் உணவுப் பதிவுச் சான்றின் 14 இலக்க எண். எங்கும் மற்ற வண்டிகளைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஆனால் அவர் உடனே எடுக்கவில்லை. "நான் இன்னும் காய்ச்சவே தொடங்கவில்லையே, எதைக் காட்டுவேன்?" என்றார். நண்பர்களே, அந்தச் சொல்லுக்காகவே அவரை மதிக்கிறேன். ஒரு நாள் நடந்ததை மட்டுமே படம் காட்டும்; மறுநாள் நடப்பதை வண்டிதான் காட்டும். இரண்டு வாரம் காய்ச்சிப் பழகி, குழாய்ப் பாத்திரமும் வாங்கிய பின்னரே படம் வெளிவந்தது. ஐந்நூறு பேர்கூட அதைப் பார்க்கவில்லை. ஆயினும் பார்த்தவருள் சிலர் வண்டிக்கு வந்து, பாத்திரத்தின் மூடியைத் திறந்து காட்டச் சொன்னார்கள். அவரும் திறந்து காட்டினார். ஒரு மாலையில் பக்கத்து வண்டிக்காரரே வந்து, "இந்தக் குழாய்ப் பாத்திரம் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டார். முதல் படம் வெளிவந்திருந்தால் அவர் கேட்க வந்திருப்பது அதையா?

இத்தகைய படங்கள் இப்போது நம் கைப்பேசியில் பல வருகின்றன. அவற்றுள் எதை நம்பலாம் என்று அறிய ஒரு வழி சொல்வேன். பானித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பரிமாறும் கை எதைத் தொடுகிறது என்னும் இரண்டையும் அந்தப் படம் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால், அன்று மாலையே வண்டிக்குச் சென்று அதே பாத்திரமும் அதே பழக்கமும் அங்கே இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் தட்டை நீட்டுங்கள். கடைசிச் சூக்காப் பூரியையும் மறவாமல் கேட்டு வாங்குங்கள்.