ஃபைல் போயாச்சு... ஓகே வரலையா?

மன்னார்புரத்தில் வீட்டிலிருந்தே டிசைன் செய்யும் ஒரு பெண், ஜூன் 1-ம் தேதி ஒரு கடைக்கு லோகோவை மெயிலில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். "பார்த்துட்டுச் சொல்றேன்மா" என்ற கடைக்காரர், அப்புறம் போனையே எடுப்பதில்லை. ஓகே வராமல் பணம் கேட்க இவருக்குத் தயக்கம்.

அந்த ஓகே-வுக்குக் காத்திருக்கவே வேண்டாம். 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, வேலையைக் கொடுத்த 15 நாள்களுக்குள் எழுத்துபூர்வமாக ஆட்சேபம் வராவிட்டால், கொடுத்த அன்றே அதை ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. பணம் தரும் தேதியை முன்பே பேசவில்லை என்றால், ஜூன் 16-க்குள் பணம் வந்திருக்க வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் 'பேங்க் ரேட்'டைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி! எழுதிப் பேசிக்கொண்ட தேதி இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது.

கடைக்காரர் 15 நாளுக்குள் 'கலர் சரியில்லை' என்று எழுதிவிட்டால் கதை வேறு. அதைச் சரிசெய்து கொடுத்த நாளிலிருந்துதான் கணக்கு.

இதற்கெல்லாம் 'உத்யம்' பதிவு வேண்டும். கட்டணம் கிடையாது, வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே செய்துவிடுவது நல்லது. பணம் வராவிட்டால் குறு, சிறு நிறுவனங்களுக்கான வசதியாக்க மன்றத்தில் மனு செய்யலாம். முதலில் சமரசம் பேசுவார்கள். அங்கே முதலில் தேடப்படுவது, ஜூன் 1 தேதியிட்ட அந்த மெயில்தான்.